ஐந்து வாரமா, ஐந்து மாதமா?

ஜிம்முக்குப் போகிறவர்களிடையே ‘மினி கட்’ என்ற சொல் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை சாப்பாட்டை நன்றாகக் குறைத்து, கொஞ்சம் கொழுப்பை இறக்கிவிட்டுப் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவதுதான் அது. மூன்று நான்கு மாதம் நீளும் டயட்டைவிட இது கேட்பதற்கு இனிக்கிறது. யாருக்கு எது என்பதைக் கணக்கு போட்டால்தான் தெரியும்.

என் நண்பர் ஒருவரின் நோட்டை வைத்தே சொல்கிறேன். எடை 80.4 கிலோ, ஏறாமல் இறங்காமல் இருக்க ஒரு நாளைக்குச் சுமார் 2,500 கலோரி வேண்டும். அதில் 700 கலோரியைக் குறைத்தார். சமைக்காத அரிசியில் 100 கிராம் குறைத்ததில் 350 போனது. சமையலில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் குறைந்ததில் 240. மூன்று டீயிலும் சர்க்கரையை நிறுத்தியதில் மீதி. முட்டை, பருப்பு, கோழி இவற்றை மட்டும் குறைக்கவில்லை, கூட்டினார். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். எடை தூக்கும் பயிற்சியையும் விடவில்லை.

ஏழாம் நாள் தராசு 78.6 காட்டியது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரம் 4,900 கலோரி குறைத்தால் 640 கிராம் கொழுப்புதான் போயிருக்க முடியும். மீதி ஒரு கிலோவுக்கு மேல் போனது பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். குடலில் கிடக்கும் உணவின் அளவும் குறையும்.

ஐந்தாவது வாரக் கடைசியில் 76.1. பழைய அளவு சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டு வாரத்தில் 77.2. ‘எல்லாம் வீணாப் போச்சு’ என்று நொந்துகொண்டார். வீணாகவில்லை. திரும்பி வந்தது தண்ணீர், போன 3.2 கிலோ கொழுப்பு போனதுதான். இரண்டே வாரத்தில் மினி கட்டை முடிப்பவர்களுக்கு ஏன் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், நான்கு வாரத்துக்குக் குறைவாக இதில் இறங்குவது நேர விரயம்.

இவருடைய அண்ணன் 96 கிலோ. தம்பியைப் பார்த்துத் தானும் ஐந்து வாரம் என்று கிளம்பினார். அவர் போக வேண்டியது 82-க்கு, அதாவது 14 கிலோ. நாளுக்கு 600 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இறங்கும். மொத்தம் சுமார் 26 வாரம். எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவையான கலோரியும் குறைவதால் இன்னும் கொஞ்சம் நீளலாம். ஐந்து ஐந்து வாரமாகப் பாய்ந்து பாய்ந்து இதை முடிக்க நினைத்தால், இடையில் அவிழ்த்துவிட்ட பசி பாதியைத் திருப்பித் தந்துவிடும்.

ஆனால் 26 வாரத்தை ஒரே மூச்சில் இழுக்கவும் கூடாது. நாள் ஆக ஆகப் பசி கூடும். நமக்கே தெரியாமல் நடமாட்டம் குறையும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் ஒரு நிறுத்தம் வைப்பது நல்லது. உடல் பருமன் உள்ள ஆண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் எடை மாறாத அளவுச் சாப்பாடு என்று மாற்றி மாற்றி இருந்தவர்களுக்குத் தொடர்ந்து இருந்தவர்களைவிட அதிகக் கொழுப்பு கரைந்தது. உடற்பயிற்சி செய்பவர்களிடம் பின்னர் பார்த்தபோது கொழுப்பில் வித்தியாசம் இல்லை, பசிதான் குறைவாக இருந்தது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

தேதி வருவதற்கு முன்பே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகளும் உண்டு. வழக்கமாகத் தூக்கும் எடை இரண்டு வாரம் தொடர்ந்து தூக்க முடியாமல் போவது, தூக்கம் கெடுவது, பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றில் கை வைக்கவே கூடாது. சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்.

அண்ணன் காலண்டரை எடுத்து வாரங்களை எண்ணினார். பதினோராவது வாரம் தீபாவளியில் போய் நின்றது. அந்த வாரத்திலிருந்து மூன்று வாரம் நிறுத்தம் என்று பென்சிலால் வட்டம் போட்டார். “அப்ப அதிரசம் உண்டுல்ல?” என்றார். உண்டு, எண்ணி.