‘அப்படியே இதையும் சேர்த்துடுங்க’ என்றால் என்ன பதில் சொல்வது?

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ வீட்டு இன்டீரியர் வேலை எடுப்பவர்களிடம் கேட்டால், நஷ்டம் எங்கே தொடங்கும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். மாடுலர் கிச்சன் பாதி முடிந்திருக்கும். வீட்டுக்காரர் மேலே பார்த்து, “லாஃப்ட் திறந்தே கிடக்கே, அப்படியே அதுக்கும் கதவு போட்டுடுங்களேன்” என்பார். “போட்டுடலாம் மேடம், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பதில் வரும். வீட்டுக்காரர் காதில் விழுவது ‘இலவசம்’. சொன்னவர் மனதில் இருப்பது ‘கடைசி பில்லில் சேர்த்துக்கலாம்’. சண்டை அங்கேயே விதைக்கப்பட்டுவிடுகிறது.

இதற்குப் பதில் மறுப்பதும் அல்ல, தலையாட்டுவதும் அல்ல. “செய்யலாம் மேடம். என்ன செலவு, எத்தனை நாள் என்று இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள எழுதி அனுப்பறேன். நீங்க ஓகே சொன்னதும் ஆரம்பிக்கிறோம்” என்பதே சரியான பதில். எழுதி அனுப்பும் அந்தத் தாளுக்குக் கட்டுமானத் துறையில் ‘வேரியேஷன்’ அல்லது ‘சேஞ்ச் ஆர்டர்’ என்று பெயர்.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒப்பந்தம் 6,40,000 ரூபாய், 45 நாள். மூன்றாவது வாரத்தில் லாஃப்ட் கதவு கேட்கிறார்கள். நீளம் 14 அடி, உயரம் 2 அடி, ஆக 28 சதுர அடி. சதுர அடிக்கு 950 ரூபாய் என்றால் 26,600. பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் கிச்சனுக்கான பலகைகள் ஏற்கெனவே பட்டறையில் அறுத்து முடிந்துவிட்டன. அதே நிற லாமினேட்டை மறுபடி வாங்க வேண்டும், தனியாக ஒரு வண்டி வர வேண்டும், ஆட்கள் இன்னொரு முறை வந்து மாட்ட வேண்டும். அதற்கு 3,500. மொத்தம் 30,100, 18% ஜி.எஸ்.டி. 5,418 சேர்த்தால் 35,518 ரூபாய். இதே வேலையை முதல் வாரத்தில் கேட்டிருந்தால் அந்த 3,500 வந்திருக்காது என்பதையும் எழுதிவிடுவது நல்லது. காரணம் தெரிந்தால் பேரம் குறையும்.

பணத்தைவிட அதிகம் மறக்கப்படுவது நாள். கூடுதலாக 4 நாள் ஆகும் என்றால், ஒப்படைக்கும் தேதியும் 4 நாள் தள்ளுகிறது என்று அதே தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூடுதல் வேலையையும் செய்து, தாமதத்துக்குப் பேச்சும் வாங்க நேரிடும். கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டதா? அப்படியானால் இரண்டு வழிகளையும் வைக்கலாம்: இப்போதே செய்தால் தேதி தள்ளும், விசேஷம் முடிந்த பிறகு செய்தால் தேதி மாறாது. முடிவு வீட்டுக்காரருடையது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இப்படி இருக்கலாம்:

“கூடுதல் வேலை எண் 1: கிச்சன் லாஃப்டுக்கு லாமினேட் கதவுகள், 28 சதுர அடி. பெயின்டிங், லைட் இதில் சேராது. வரியுடன் ரூ.35,518. முன்பணம் ரூ.17,759. ஒப்படைக்கும் நாள் 4 நாள் தள்ளும். இந்த விலை 7 நாளுக்கு. சம்மதம் என்றால் ‘சம்மதம்’ என்று பதில் அனுப்பவும்.”

பதில் வரும்வரை பழைய வேலை நடக்கட்டும். லாஃப்ட் பக்கம் ஆணிகூட அடிக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடமிருந்தே பதில் வர வேண்டும். அம்மா கேட்பார், பணம் தருவது அமெரிக்காவில் இருக்கும் மகனாக இருக்கும். அடையாறு ஃப்ளாட்களில் இது சகஜம்!

இது சட்டப்படி செல்லுமா? 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 62-வது பிரிவு, இரு தரப்பும் சம்மதித்தால் ஒப்பந்தத்தை மாற்றலாம் என்கிறது. மின்னணு வழியில் ஆனது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு.

எழுதாமலே செய்துவிட்டால்? வழி அடைபடவில்லை, நீளம்தான். 1944-ல் வங்காளத்தின் ஆரம்பாக்கில், பி.கே.மண்டல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் அரசு அதிகாரிகள் கேட்டதால் காவலர் அறை, சமையலறை, சாலை, கிடங்குகள் எல்லாம் கட்டிக்கொடுத்தது. முறைப்படியான ஒப்பந்தம் இல்லை என்று அரசு பணம் தர மறுத்தது. இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்ற 70-வது பிரிவின்படி நிறுவனத்துக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது 1961 டிசம்பரில். ‘எழுத்து அனுமதி இல்லாமல் கூடுதல் வேலைக்குப் பணம் கிடையாது’ என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால், இந்த வழியும் கடினம்.

ஒரு கொக்கி மாட்டுவதற்கெல்லாம் தாள் தேவையில்லைதான். ஆனால் சும்மா செய்து தருவதையும் ‘கூடுதல் வேலை எண் 2: பால்கனி கொக்கி, ரூ.0’ என்று அனுப்பிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. மூன்றாவது வேலைக்கு விலை எழுதும்போது யாரும் முகம் சுளிப்பதில்லையாம்.