எங்கள் பிதா, நம்முடைய தேவன்

யூதர்களின் தொழுகையில் ‘எலோஹேனு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ‘எலோஹிம்’ என்றால் கடவுள். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘நு’ தன்மைப் பன்மை விகுதி. இந்த ஒரே சொல்லைத் தமிழில் ஓரிடத்தில் ‘நம் கடவுள்’ என்றும், இன்னோரிடத்தில் ‘எங்கள் கடவுள்’ என்றும் எழுத வேண்டியிருக்கிறது. எபிரெயத்தில் இரண்டுக்கும் ஒரே விகுதிதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் ‘ஹேமோன்’ என்ற ஒரே சொல்தான். கேட்பவரைச் சேர்த்துப் பேசுகிறோமா, விலக்கிப் பேசுகிறோமா என்று அந்த மொழிகளின் இலக்கணம் கேட்பதில்லை. தமிழ் கேட்கிறது, பதில் வராமல் அடுத்த சொல்லுக்குப் போகவும் விடாது.

“நம்ம வீட்டுக் கல்யாணம், வந்துடுங்க” என்பதற்கும் “எங்க வீட்டுக் கல்யாணம், வந்துடுங்க” என்பதற்கும் உள்ள வித்தியாசம் எந்தத் தமிழருக்கும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். முதலாவதில் அழைக்கப்படுகிறவரும் வீட்டு ஆள். இரண்டாவதில் அவர் விருந்தாளி. பழைய இலக்கணம் இதை உளப்படுத்துதல் என்று சொல்லும். நன்னூல் காலத்தில் வினைமுற்றிலேயே இந்த வேறுபாடு இருந்தது: அம், ஆம் என்று முடிந்தால் முன்னால் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டது, எம், ஏம், ஓம் என்று முடிந்தால் அவரை விட்டுவிட்டு, அங்கே இல்லாத படர்க்கையாரைச் சேர்த்துக்கொண்டது. இன்று ‘ஓம்’ மட்டுமே இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. ‘வந்தோம்’ என்றால் நாமும் வந்தோம், நாங்களும் வந்தோம். அதனால் முழுப் பாரமும் நாம், நாங்கள், நம், எங்கள் என்ற பெயர்ச்சொற்களின் மேல் வந்து விழுந்திருக்கிறது.

கிறிஸ்தவர்களின் பொது ஜெபங்களில் மிகவும் அறியப்பட்டது மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம். கிரேக்க மூலத்தில் அதன் ஐந்து வசனங்களுக்குள் ‘ஹேமோன்’, ‘ஹேமின்’, ‘ஹேமாஸ்’ என்று வெவ்வேறு வேற்றுமைகளில் இந்தத் தன்மைப் பன்மை 9 முறை வருகிறது. புரொட்டஸ்டன்ட் திருச்சபைகளின் தமிழ் வேதாகமத்திலும் கத்தோலிக்கர்களின் ஜெபத்திலும் தொடக்கத்திலேயே ‘எங்கள்’தான். அங்கே வேறொன்று வர வழியில்லை. ‘நம் பிதாவே’ என்று கடவுளைப் பார்த்துச் சொன்னால், கடவுளுக்கும் ஒரு தந்தை உண்டு என்றாகிவிடும். ‘நம் பாவங்களை மன்னியும்’ என்றால் பாவத்தில் அவருக்கும் பங்கு வந்துவிடும்.

சபையில் முதன்முறையாக வந்து உட்காரும் ஒருவருக்கு ‘எங்கள்’ என்ற சொல் தன்னை வெளியே நிறுத்துவதாகத் தோன்றலாம். அப்படி இல்லை. விலக்கப்படுவது யாரிடம் பேசுகிறோமோ அவர் மட்டுமே. ஜெபத்தில் கேட்பவர் கடவுள், எனவே அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் நிற்பவர், பின்வரிசையில் நிற்பவர், அன்றைக்கு வழிதவறி உள்ளே வந்தவர் எல்லோரும் ‘எங்க’ளுக்குள் அடக்கம்.

மலையாளிகள் இந்த ஜெபத்தில் ‘ஞங்ஙளுடெ’ என்கிறார்கள், தெலுங்கர்கள் ‘மா’ என்கிறார்கள். இரண்டும் விலக்கும் சொற்களே. மலாய் மொழியில் ‘காமி’, பிலிப்பைன்ஸின் தகலாகு மொழியில் ‘நமின்’, அவையும் அப்படியே. இன்றைய கன்னடத்தில் இந்த வேறுபாடு வழக்கொழிந்து ‘நம்ம’ மட்டும் மிஞ்சியிருப்பதால், கன்னட மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சிக்கலே இல்லை.

இனி ‘எலோஹேனு’வுக்கு வரலாம். உபாகமம் 6:4-இல் மோசே இஸ்ரவேலரைக் கூட்டி வைத்து, கடவுள் ஒருவரே என்று அறிவிக்கிறார். பேசுகிறவர் மோசே, கேட்கிறவர்கள் மக்கள், கடவுள் பேச்சின் பொருள். ஆகவே தமிழ் வேதாகமத்தில் ‘நம்முடைய’. யூதத் தொழுகையில் இந்த அறிவிப்புக்குப் பின்னால் வரும் ‘அமீதா’ என்ற நின்று சொல்லும் ஜெபத்திலும் அதே ‘எலோஹேனு’ வருகிறது. ஆனால் அங்கே ‘நீர்’ என்று கடவுளை விளித்து ஜெபம் தொடங்குகிறது, எனவே தமிழில் ‘எங்கள்’. சொல்பவர்கள் அதே ஆட்கள்தான், முகம் திரும்பிய திசைதான் வேறு. ஸ்ரீரங்கத்து உற்சவரைப் பற்றித் தங்களுக்குள் பேசும்போது ‘நம்பெருமாள்’ என்று சொல்லும் அடியார்கள், அவரைக் கூப்பிடும்போது ‘எம்பெருமானே’ என்பார்கள். காது அதே கணக்கைத்தான் போடுகிறது.

சங்கீதங்களில் சங்கடம் என்னவென்றால், முகம் பாட்டின் நடுவிலேயே திரும்பிவிடும். 126-ஆம் சங்கீதத்தில் சிறையிருப்பிலிருந்து மீண்ட மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். கடவுள் செய்த பெரிய காரியங்களை 3-ஆம் வசனம் வரை ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்கிறார்கள். 4-ஆம் வசனம் திடீரென்று கடவுளைக் கூப்பிட்டு வேண்டுகிறது. தமிழ் வேதாகமத்தில் 3-இல் ‘நமக்கு’, 4-இல் ‘எங்கள்’. எபிரெயத்தில் விகுதி மாறவே இல்லை. தமிழ் வாசகருக்கு அந்தத் திருப்பம் காதிலேயே கேட்கிறது. மூலத்தில் மறைந்து கிடக்கும் ஒன்றைத் தமிழ் வெளியே கொண்டுவந்து காட்டும் இடம் இது. இது மொழிபெயர்ப்பின் இழப்பல்ல, வரவு.

எல்லா இடமும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஏழே வசனங்கள் கொண்ட 67-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் வசனத்தில், கடவுள் இரங்க வேண்டும், ஆசீர்வதிக்க வேண்டும், தம் முகத்தை ஒளிரச் செய்ய வேண்டும் என்ற விண்ணப்பம் படர்க்கையில் வருகிறது. எபிரெயத்தில் ‘பானாவ்’, அதாவது ‘அவருடைய முகம்’. அடுத்த வசனத்தில் ‘தர்கெகா’, அதாவது ‘உம்முடைய வழி’. ஒரு வசனத்துக்குள் ‘அவர்’ ‘நீர்’ ஆகிவிடுகிறார்.

முதல் வசனத்தின் வேர் எண்ணாகமம் 6-இல் இருக்கிறது. ஆசாரியர்கள் மக்களைப் பார்த்து, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லும் வாழ்த்து அது. சங்கீதக்காரர் அதிலிருந்த ‘உன்னை’ என்பதை எடுத்துவிட்டுத் தன்மைப் பன்மையை வைத்திருக்கிறார். அந்த வாழ்த்தின் நினைவு பெரிதாகத் தோன்றினால், சபை ஒன்றுக்கொன்று வாழ்த்திக்கொள்கிறது என்று கொண்டு ‘கடவுள் நமக்கு இரங்குவாராக’ என்று எழுதலாம்; 2-ஆம் வசனத்தில் முகம் கடவுளை நோக்கித் திரும்பும். அடுத்து வரும் ‘உம்முடைய’ பெரிதாகத் தோன்றினால், முதல் வசனமும் கடவுளிடம் சொன்னதே என்று கொண்டு ‘எங்களுக்கு’ என்று எழுதலாம். பழைய தமிழ் வேதாகமம் இரண்டாவது வழியைப் பிடித்தது. இரண்டு வசனங்களையும் ஒரே வாக்கியமாகக் கோத்து, படர்க்கையை முன்னிலையாக மாற்றி, ‘தேவரீர்’ என்று கடவுளை நேராக விளித்து, ‘எங்களுக்கு’ என்று எழுதியது. ஓட்டம் சீராகிவிட்டது. ஆசாரியரின் வாழ்த்து மட்டும் மங்கிவிட்டது.

இன்னும் கடினமானது 6-ஆம் வசனம். பூமி விளைச்சல் தந்துவிட்டது, கடவுள், தன்மைப் பன்மையின் கடவுள், ஆசீர்வதிக்கிறார் என்கிறது அது. இதற்கு முந்தைய மூன்று வசனங்களில் உலகத்து மக்களினங்கள் எல்லாம் கடவுளைப் புகழட்டும் என்ற வேண்டுதல் ஓடுகிறது. அப்படியானால் இந்தக் கடவுள் யாருடைய கடவுள்? இஸ்ரவேலர் மற்ற இனங்களைப் பார்த்துச் சொன்னால் ‘எங்கள் கடவுள்’. அறுவடைக் களத்தில் தங்களுக்குள் சொன்னால் ‘நம் கடவுள்’. இனங்களையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு சொன்னாலும் ‘நம் கடவுள்’தான், ஆனால் அந்த ‘நம்’ உலகளவு பெரியது. பாட்டின் போக்கைப் பார்த்தால் ‘நம்’ பொருந்தும் என்றே படுகிறது: தனக்கு வந்த ஆசீர்வாதம் பூமியின் எல்லை வரை போக வேண்டும் என்று கேட்கும் பாட்டு, தன் கடைசி வரிகளில் வாசலைச் சாத்திக்கொள்வது சரியாக இல்லை. இலக்கணம் மட்டும் இதை முடிவுசெய்யாது. சங்கீதம் யாருக்காகப் பாடப்பட்டது என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் முடிவுசெய்யும்.

இந்த இக்கட்டிலிருந்து தப்ப ஒரு குறுக்குவழி உண்டு. ‘ஓம்’ இரண்டுக்கும் பொது என்பதால், பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைமுற்றை மட்டும் வைக்கலாம். ‘பாவம் செய்தோம்’, ‘மகிழ்ந்தோம்’ என்று எழுதினால் கேள்வியே எழாது. நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உடைமைப் பொருளில் இது உதவாது. ‘எலோஹேனு’வை வெறும் ‘கடவுள்’ என்று எழுதினால் அந்த உறவே போய்விடும்.

கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவரைப் படர்க்கையில் சொல்லும் இடங்களும் உண்டு. தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் தானியேல் தன் மக்களின் பாவங்களை அறிக்கையிடுகிறார். ‘உமக்கு’ என்று தொடங்கி, நடுவில் ‘அவருக்கு’ என்று மாறி, 15-ஆம் வசனத்தில் மறுபடியும் கடவுளை விளிக்கிறார். ‘அவர்’ என்று வந்ததும் கை தானாக ‘நாம்’ என்று எழுதப் போகும். ஆனால் தானியேல் ஜெபிக்கும்போது அருகில் வேறு யாரும் இருப்பதாகச் சொல்லப்படவில்லை. கேட்பவர் கடவுள் மட்டுமே. அரசவையில் குடிமக்கள் ராஜாவின் முகத்தைப் பார்த்தே “மன்னர் எங்களைக் காப்பாற்ற வேண்டும்” என்பார்கள். ‘மன்னர்’ என்பது படர்க்கை, ஆனாலும் ‘நம்மை’ என்று யாரும் சொல்வதில்லை. தானியேலின் ‘அவ’ரும் அப்படிப்பட்ட மரியாதைப் படர்க்கையே. எனவே அதிகாரத்தின் அந்தப் பகுதியிலும் ‘நாங்கள்’ என்பதே பொருந்தும்.

எஸ்றா 9-ஆம் அதிகாரம் இதையே இன்னொரு சூழலில் வைக்கிறது. எஸ்றா முழங்கால்படியிட்டு, கடவுளை நோக்கிக் கைகளை விரிக்கிறார். ஆனால் நடுங்கும் மக்கள் சுற்றிலும் கூடியிருக்கிறார்கள். ‘என் தேவனே’ என்று ஒருமையில் ஆரம்பித்தவர் உடனே பன்மைக்குப் போகிறார். 8, 9-ஆம் வசனங்களில் கடவுள் படர்க்கை ஆகிறார்: அடிமைத்தனத்திலும் அவர் கைவிடவில்லை, பெர்சிய ராஜாக்களின் முன் தயவு கிடைக்கச் செய்தார். இந்த இரண்டு வசனங்கள் மக்களின் காதுக்கானவை என்றால் ‘நம்மை’, விரித்த கைகள் இன்னும் மேலேயே இருக்கின்றன என்றால் ‘எங்களை’. 10-ஆம் வசனத்தில் அவர் மறுபடியும் கடவுளை நேராகக் கூப்பிடுகிறார், இனி என்ன சொல்வோம் என்று கேட்கிறார். இடையில் மக்களை நோக்கித் திரும்பியதாக ஒரு குறிப்பும் இல்லை. ‘எங்கள்’ பக்கம் தராசு சாய்கிறது. ஆயினும், வரைவைச் சபை முன் உரக்க வாசித்துப் பார்க்கும்போது, எஸ்றா வேறு யாரோ அந்நியருக்குத் தன் மக்களைப் பற்றிச் சொல்வதுபோல் கேட்டவர்களுக்குத் தோன்றினால், 8-ஆம் வசனத்தில் ‘ஆண்டவரே’ என்று ஒரு விளியைச் சேர்த்துவிட்டால் போதும். ‘எங்கள்’ யாரிடம் சொல்லப்படுகிறது என்பது உடனே விளங்கிவிடும், படர்க்கையையும் மாற்ற வேண்டியதில்லை.