ராத்திரி டியூட்டிக்கு என்ன விலை?

2023 மார்ச்சில் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அவர்களுடைய சங்கமான பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. பிரெட் என்ற காபிக் கடைச் சங்கிலியில் வேலை பார்ப்பவருக்கு மணிக்கு 14 பவுண்டு 10 பென்ஸ் வரை கிடைக்கும். ஒரு இளம் டாக்டருக்குக் கிடைப்பதோ 14 பவுண்டு 9 பென்ஸ் என்றது அது. அந்த ஒரு பென்ஸ் வித்தியாசம் நாடு முழுக்கப் பேசுபொருளானது.

அந்த மூன்று நாளும் வார்டுகளைப் பார்த்துக்கொண்டவர்கள் கன்சல்டன்ட்கள், அதாவது மூத்த சிறப்பு மருத்துவர்கள். வழக்கமான பணிக்கு மேல் கூடுதலாக வேலை செய்யச் சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் அதே சங்கம் ஒரு விலைப்பட்டியல் தந்திருந்தது. பகலில் மணிக்கு 150 பவுண்டுக்கு மேல், நள்ளிரவில் 250 பவுண்டுக்கு மேல். அதே நள்ளிரவில் அதே வார்டில் நிற்கும் முதலாண்டு டாக்டருக்கு, இரவுப்படியையும் சேர்த்தால், மணிக்கு 19 பவுண்டு 30 பென்ஸ். வித்தியாசம் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்.

இரண்டு எண்களும் உண்மை. ஆனால் இரண்டுமே முழுக் கதையைச் சொல்லவில்லை. 14 பவுண்டு என்பது படிகள் எதுவும் சேராத பேசிக். 250 பவுண்டு என்பது ஒப்பந்தத்துக்கு வெளியே செய்யும் வேலைக்குச் சங்கம் கேட்கச் சொன்ன விலை. எல்லா மருத்துவமனைகளும் அதைக் கொடுத்துவிடவில்லை. உண்மையான இடைவெளி எங்கே இருக்கிறது என்று பார்க்க, சம்பளச் சீட்டைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இவர்களை முன்பு ‘ஜூனியர் டாக்டர்’ என்று அழைத்தார்கள். பத்தாண்டு அனுபவம் உள்ளவரையும் ‘ஜூனியர்’ என்பதா என்ற கேள்வி எழுந்ததால், 2024 செப்டம்பரிலிருந்து ‘ரெசிடென்ட் டாக்டர்’ என்பதே அதிகாரப்பூர்வப் பெயர். நம் ஊரில் பி.ஜி. படிப்பவருக்குக் கிடைப்பது மாத ஸ்டைபண்ட். வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் உழைத்தாலும் எண்பது மணி நேரம் உழைத்தாலும் அந்தத் தொகை மாறாது. இங்கிலாந்தில் அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளில் படித்துவிட்டு அங்கே போகிறவர்கள் முதல் மாதச் சீட்டைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான்.

2025-26 கணக்குப்படி, படிப்பை முடித்து முதல் ஆண்டில் சேரும் டாக்டரின் பேசிக் ஆண்டுக்கு 38,831 பவுண்டு. இது வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு உரியது. மணிக்கு 18 பவுண்டு 62 பென்ஸ் ஆகிறது. உதாரணத்துக்கு, ஒருவருடைய ரோட்டாவில் வாரச் சராசரி 47 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான ஏழு மணி நேரத்துக்கும் அதே 18.62 தான். மற்ற தொழில்களில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்ற பழக்கம் உண்டே, அது இங்கே கிடையாது. இந்த ஏழு மணி நேரத்தால் ஆண்டுக்கு 6,795 பவுண்டு சேரும்.

அடுத்தது இரவுப்படி. இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை செய்யும் வேலைக்கு 37 சதவீதம் கூடுதல். வாரத்துக்குச் சராசரியாக ஏழு மணி நேரம் அப்படி வந்தால், ஆண்டுக்கு 2,514 பவுண்டு. நான்கு வார இறுதிகளில் ஒன்றில் டியூட்டி என்றால் பேசிக்கில் ஏழரை சதவீதம், அதாவது 2,912 பவுண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் 51,000 பவுண்டைத் தாண்டுகிறது. பேசிக்கைவிட முப்பத்தொரு சதவீதம் அதிகம். ஆனால் உழைத்த மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் மணிக்கு 20 பவுண்டு 83 பென்ஸ்தான். இரவு, சனி, ஞாயிறு எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தின் விலையை இரண்டு பவுண்டு சொச்சம்தான் உயர்த்தியிருக்கின்றன. மீதி உயர்வெல்லாம் அதிக நேரம் நின்றதற்காக வந்தது.

இனி கன்சல்டன்டின் சீட்டு. புதிதாகச் சேர்பவருக்கு அதே ஆண்டில் 1,09,725 பவுண்டு. பதினான்கு ஆண்டு சர்வீஸுக்குப் பிறகு உச்சமாக 1,45,478 பவுண்டு. இதுவும் 40 மணி நேர வாரத்துக்கு உரியதுதான். ஆரம்ப நிலையில் மணிக்கு 52 பவுண்டு 61 பென்ஸ். முதலாண்டு டாக்டரைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நடுவே எட்டு, பத்து ஆண்டுப் பயிற்சியும் கடினமான தேர்வுகளும் இருக்கின்றன என்பதால், இந்த மூன்று மடங்கைப் பெரும்பாலோர் அநியாயம் என்று சொல்வதில்லை.

கன்சல்டன்டின் வாரத்தைப் பத்துப் பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதி நான்கு மணி நேரம். மாலை 7 மணிக்குப் பிறகோ வார இறுதியிலோ வேலை செய்தால் மூன்று மணி நேரமே ஒரு முழுப் பகுதியாகக் கணக்காகும். அதாவது, இரவில் அவருடைய மணிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மதிப்பு. ரெசிடென்டுக்கு 37 சதவீதம், கன்சல்டன்டுக்கு 33 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் ரெசிடென்டுக்குத்தான் சற்று அதிகம்! அப்படியானால் இடைவெளி எங்கே?

ராத்திரி யார் எங்கே இருக்கிறார் என்பதில் இருக்கிறது. பெரும்பாலான துறைகளில் கன்சல்டன்ட் வீட்டில் இருப்பார். போன் வந்தால் ஆலோசனை சொல்வார், தேவைப்பட்டால் கிளம்பி வருவார். அப்படித் தயாராக இருப்பதற்கே ஒரு படி உண்டு. ஆறு நாளுக்கு ஒரு முறை ஆன்கால் என்றால், சம்பளத்தில் 5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு சுமார் 5,486 பவுண்டு. அழைத்து வேலை செய்த நேரம் தனியாக அவருடைய பணிக் கணக்கில் சேரும். போதாததற்கு, 2003-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவருக்கு ஓர் உரிமையையும் கொடுத்தது: அவசரமல்லாத வேலையை மாலை 7 மணிக்குப் பிறகும் வார இறுதியிலும் செய்ய முடியாது என்று மறுக்கலாம். மறுக்கும் உரிமை இருப்பதால், அந்த நேரத்தில் அவரை வரவழைக்க மருத்துவமனை பேரம் பேச வேண்டியிருக்கிறது. முதலில் பார்த்த 150, 250 பவுண்டெல்லாம் அந்தப் பேரத்தில் பிறந்த எண்கள். ரெசிடென்டின் கூடுதல் நேரமோ ரோட்டாவிலேயே எழுதி வந்துவிடுகிறது. தன் ரோட்டாவுக்கு வெளியே லோக்கமாகப் போகும்போது மட்டும் அவரும் விலை பேசலாம்.

இந்த ஏற்பாடு வந்த கதையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1976-இல் இளம் டாக்டர்களுக்குக் கூடுதல் நேரத்துக்குக் காசு கொடுக்கும் புதிய ஒப்பந்தம் வந்தபோது, மருத்துவமனையிலேயே தங்கி டியூட்டி பார்க்கும் கூடுதல் மணி நேரத்துக்கு அவர்கள் பெற்றது வழக்கமான விலையில் 30 சதவீதம்தான். பாதி நேரம் தூங்கத்தானே போகிறார்கள் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அதிக நேரம் வேலை வாங்கினால் ஒரு மணி நேரம் மலிவாகிவிடும்! மருத்துவமனைகள் அந்த மலிவை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டன. லண்டனில் மகப்பேறு பிரிவில் வேலை பார்த்த கிறிஸ் ஜான்ஸ்டன் என்ற டாக்டரின் ஒப்பந்தத்தில் 40 மணி நேரம் வழக்கமான வேலை, அதற்கு மேல் சராசரியாக 48 மணி நேரம் அழைப்புக்குத் தயார் என்று எழுதியிருந்தது. மொத்தம் 88. உடல்நலம் கெட்டுவிட்டது என்று அவர் வழக்குப் போட்டார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாகவே இருந்தாலும், ஊழியரின் உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்கு வேலை வாங்கக் கூடாது என்ற வாதத்துக்கு இடமுண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது.

1991-இல் வேலை நேரத்துக்கு உச்சவரம்பும் வந்தது. ஆனால் காகிதத்தில் இருந்த வரம்பு வார்டில் உடனே நடைமுறைக்கு வரவில்லை. மாற்றத்தைக் கொண்டுவந்தது 2000 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறை. வரம்பை மீறும் ரோட்டாவுக்கு மருத்துவமனை பெரிய அபராதம்போல் கூடுதல் சம்பளம் தர வேண்டும். சில ஆண்டுகளில் மொத்தச் சம்பளம் பேசிக்கின் இரு மடங்குவரை போனது. அதுவரை ‘ஆள் இல்லை, என்ன செய்வது’ என்று சொல்லிவந்த நிர்வாகங்கள், ரோட்டாவைத் திருத்தி எழுத ஆரம்பித்தன. மருத்துவமனைக்குள் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்ற ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகளும், 2009-இல் முழுமையாக வந்த வாரம் 48 மணி நேர வரம்பும் மீதியைச் செய்தன. நேரம் குறைந்தது, கூடவே அந்தக் கூடுதல் சம்பளமும் கரைந்தது. உடல்நலத்துக்கு நல்லதாக முடிந்த அந்த மாற்றம், சம்பளச் சீட்டில் இழப்பாகத் தெரிந்தது. விலைவாசிக்கு ஏற்ப உயராத பேசிக்கும் அதனுடன் சேர்ந்துகொண்டதுதான் 2023-இல் தெருவுக்கு வந்த கோபம். தொடர் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு 2024-இல், இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்துச் சராசரியாக 22.3 சதவீத உயர்வில் ஓர் உடன்பாடு வந்தது. ஆனாலும் 2025 ஜூலையில் மீண்டும் ஐந்து நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருப்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். அவருடைய பேசிக் அதே 2025-26-இல் 73,992 பவுண்டு. மறுநாள் கன்சல்டன்ட் ஆனால் 1,09,725. ஒரே இரவில் 48 சதவீத ஏற்றம் என்று தோன்றும். ஆனால் நாம் பார்த்த முதலாண்டு டாக்டரைப் போலவே இவருக்கும் இரவு, வார இறுதி, கூடுதல் மணி நேரம் என்று முப்பத்தொரு சதவீதம் சேர்ந்தால், ஏற்கெனவே 97,000 பவுண்டு அளவில் வாங்கிக்கொண்டிருப்பார். கன்சல்டன்ட் ஆனதும் சம்பளத்தில் கூடுவது பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரம்தான். அதைவிடப் பெரிய லாபம், அந்தத் தொகைக்காக ராத்திரி வார்டில் நடக்க வேண்டியதில்லை என்பதும், தனியார் பிராக்டிஸுக்கு வழி திறப்பதும்.

இந்தக் கணக்கெல்லாம் ரோட்டாவில் எழுதிய நேரம் உண்மையாக இருக்கும்வரைதான் செல்லும். எழுதியதற்கும் நடப்பதற்கும் வித்தியாசம் இருந்தால் பதிவு செய்ய 2016 ஒப்பந்தத்தில் ஒரு வழி வைத்தார்கள். கூடுதலாக நின்ற நேரத்தை டாக்டர் அறிக்கையாக அனுப்பலாம். காசாகவோ ஓய்வாகவோ ஈடு கிடைக்கும். பாதுகாப்பான பணி நேரத்தைக் கண்காணிக்க ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகத்திலும் ஓர் அதிகாரி உண்டு. வரம்பு மீறினால் துறைக்கு அபராதம் போடவும் அவரால் முடியும்.

இரவு டியூட்டி முடிந்து காலையில் நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க நாற்பது நிமிடம் இழுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2025-26 பேசிக் கணக்கில் அதன் மதிப்பு 12 பவுண்டு 41 பென்ஸ். மாதத்துக்குப் பதினைந்து முறை இப்படி நடந்தால் பத்து மணி நேரம், 186 பவுண்டு. அறிக்கை அனுப்பினால் மேற்பார்வை செய்யும் கன்சல்டன்ட் என்ன நினைப்பாரோ, நாளைக்கு அவர்தானே பரிந்துரைக் கடிதம் தர வேண்டும் என்ற தயக்கத்தில் பலர் விட்டுவந்தார்கள். 2024 உடன்பாட்டில் இந்த அறிக்கை முறையைச் சீர்திருத்துவதும் ஓர் அம்சமாக இடம்பெற்றதற்கு இந்தத் தயக்கமே காரணம். அறிக்கை போகாதவரை ரோட்டாவில் அந்த டாக்டர் காலையிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாகத்தான் இருக்கும். அந்தத் துறைக்கு இன்னொரு ஆள் தேவை என்பதும் யாருக்கும் தெரியாது.