உருளைக்கிழங்கு குழையும் வரை

ஷாந்தால் ஆகர்மன் 1975-இல் எடுத்த 'ழான் டீல்மன்' 201 நிமிடம் ஓடும். ஒரு விதவைத் தாயின் மூன்று நாட்கள். முதல் நாள் முழுக்க அவள் சமைக்கிறாள், துடைக்கிறாள், விளக்கை அணைக்கிறாள். பலர் இங்கேயே எழுந்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை எழுந்தேன், அவசரப்பட்டுவிட்டேன்.

அந்த முதல் நாள்தான் நமக்கு அளவுகோல். அவளுடைய ஒழுங்கு மனதில் பதிந்தால்தான் இரண்டாம் நாள் புரியும். அன்று மாலை, பணம் போட்டுவைக்கும் பீங்கான் பாத்திரத்தை மூட மறக்கிறாள். உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. சட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்கே கொட்டுவதென்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். வசனமே இல்லை, ஆனாலும் நமக்குப் பதறுகிறது.

ஆகவே, இரண்டாம் நாள் இரவுவரை பொறுங்கள். மூடாத பாத்திரம் உங்கள் கண்ணை உறுத்தினால் தொடருங்கள். எதுவுமே உறைக்கவில்லையென்றால் தாராளமாக நிறுத்தலாம். ஆனால் தூக்கக் கலக்கத்திலோ, கையில் போனோடோ பார்த்துவிட்டு முடிவுசெய்யாதீர்கள். அப்போது அந்த மூடி கண்ணில் படவே படாது.

எல்லா மெதுவான படமும் இப்படியல்ல. திரும்பத் திரும்ப வரும் காட்சியில் ஒரு மணி நேரமாகியும் இம்மியளவு மாற்றம் தென்படாவிட்டால், நான் எழுந்துவிடுவேன்.