எட்டாம் மாதத்து மேல்வயிற்று வலி

கர்ப்பிணிக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலது விலா ஓரமாக வலி, கூடவே வாந்தி என்றால் பெரும்பாலும் ‘கேஸ்’ என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அப்படி அனுப்பக் கூடாது. அந்த வலி கல்லீரலின் வலியாகவும் இருக்கலாம். 1982-ல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் வைன்ஸ்டைன் ‘ஹெல்ப் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்ட நோய் இப்படித்தான் தொடங்குகிறது.

கர்ப்பகால ரத்தக்கொதிப்போடு சேர்ந்தே இது வரும் என்றாலும், சிலருக்குப் பிரஷர் கூடுவதே இல்லை. நஞ்சுக்கொடியிலிருந்து கலக்கும் பொருள்களால் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் புண்ணாகிறது. அங்கே பிளேட்லெட்டுகள் போய் ஒட்டி ஒட்டியே குறைந்துபோகின்றன. ஃபைப்ரின் இழைகள் வலைபோலப் படிய, அதில் சிக்கும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. அந்த உடைந்த துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் நேராகவே பார்க்கலாம். கல்லீரலின் நுண்குழாய்களும் அடைபடுவதால் செல்கள் சாகின்றன, கல்லீரலின் உறை இழுபட்டு வலிக்கிறது.

34 வாரக் கர்ப்பிணி ஒருவரின் ரிப்போர்ட் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்: பிரஷர் 138/88, பிளேட்லெட் 82,000, எல்.டி.எச். 900, கல்லீரல் என்சைமான ஏ.எஸ்.டி. 210. பிளேட்லெட் 1,00,000-க்குக் கீழ், எல்.டி.எச். 600-க்கு மேல், ஏ.எஸ்.டி. 70-க்கு மேல் என்ற மூன்று எல்லைகளையும் இவர் தாண்டிவிட்டார். பிரஷர் 140-ஐத் தொடவில்லையே என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

ஆனாலும் வேறு நோய்களையும் யோசித்தே ஆகவேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்போடு வரும் பித்தத்தேக்கத்தில் பித்த அமிலம் உயரும், பிளேட்லெட் குறையாது. மஞ்சள் காமாலை வைரஸ் என்றால் என்சைம்கள் பெரும்பாலும் ஆயிரங்களில் நிற்கும், சிவப்பணுக்கள் உடைந்திருக்காது. உண்மையில் குழப்புவது கர்ப்பகாலக் கொழுப்புக் கல்லீரல்தான். அதில் கல்லீரல் தன் வேலையையே நிறுத்திவிடுகிறது: சர்க்கரை இறங்கும், அம்மோனியா ஏறும், ரத்தம் உறைய நேரமாகும். ஹெல்ப்பில் தொடக்கத்தில் சர்க்கரையும் உறையும் நேரமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நம் கர்ப்பிணிக்குச் சர்க்கரை 92, ஐ.என்.ஆர். 1.0. ஆகவே ஹெல்ப் என்றே முடிவு செய்யலாம். நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே பிரிந்துவிட்டால் அந்தக் கோடு அழிந்துவிடும், அப்போது உறையும் நேரமும் கூடும்.

மருந்து கொடுத்து இதை நிறுத்த முடியாது. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் போட்டு, 34 வாரம் ஆனவருக்குத் தாமதிக்காமல் பிரசவம் பார்ப்பார்கள். பிறகும் ஓரிரு நாள் பிளேட்லெட் இன்னும் இறங்கலாம், சிலருக்கு நோயே பிரசவத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். மூன்று நாளுக்கு மேலும் பிளேட்லெட் ஏறவில்லை என்றால் டி.டி.பி. என்ற ரத்தநோயைச் சந்தேகித்து, ஆடம்ஸ்-13 என்சைம் அளவைப் பார்க்கவேண்டும். அது 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் சிகிச்சையே வேறு: உடனே பிளாஸ்மா மாற்ற வேண்டும்.