கிரிட்டுக்கும் ஒரு இம்பீடன்ஸ் உண்டு

மின்பொறியியல் மாணவருக்கு வரும் முதல் ஃபால்ட் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 10 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று 33 கிலோவோல்ட்டை 11 கிலோவோல்ட்டாகக் குறைக்கிறது. அதன் இம்பீடன்ஸ் 10 சதவீதம். 11 கிலோவோல்ட் பக்கம் மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆகிவிட்டால் எவ்வளவு மின்னோட்டம் பாயும்?

33 கிலோவோல்ட் பக்கத்தில் இருக்கும் கிரிட்டைப் பற்றிக் கேள்வி ஒன்றே ஒன்றுதான் சொல்லும்: அது ‘இன்ஃபினிட் பஸ்’. எவ்வளவு மின்னோட்டம் இழுத்தாலும் அதன் வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் அசையாது. பின்னால் இம்பீடன்ஸே இல்லை என்று பொருள். அப்படியொரு பஸ் எந்த நாட்டிலும் கிடையாது. ஆனாலும் கணக்கு எளிதாகிவிடுகிறது: 10ஐ 0.10ஆல் வகுத்தால் 100 எம்விஏ, அதாவது 11 கிலோவோல்ட்டில் சுமார் 5,250 ஆம்பியர்.

அதே ஷார்ட்டை 33 கிலோவோல்ட் பஸ்ஸிலேயே வைத்துப் பார்த்தால் சிக்கல் வெளிப்படும். இப்போது வகுக்க வேண்டியது பூஜ்யத்தால்.

இந்த இடத்தில் கைகொடுப்பது பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் தெவனின் 1883இல் வெளியிட்ட தேற்றம். ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் ஜெனரேட்டர்கள், லைன்கள் எல்லாவற்றையும் ஒரு வோல்டேஜ் சோர்ஸாகவும் அதனோடு தொடரில் ஒரு இம்பீடன்ஸாகவும் சுருக்கிவிடலாம். அந்த இம்பீடன்ஸ் மின்வாரியம் தரும் ‘ஃபால்ட் லெவல்’ எண்ணிலேயே ஒளிந்திருக்கிறது. 33 கிலோவோல்ட் பஸ்ஸின் ஃபால்ட் லெவல் 500 எம்விஏ என்றால், 10 எம்விஏ அடிப்படையில் கிரிட்டின் இம்பீடன்ஸ் 10/500, அதாவது 0.02. (500 எம்விஏ என்பதை அந்த பஸ்ஸிலிருந்து எடுக்கக்கூடிய லோடு என்று மாணவர்கள் நினைத்துவிடுவதுண்டு. அது ஷார்ட் ஆகும்போது பாய்வதன் அளவு மட்டுமே.)

இரண்டும் பெரும்பாலும் ரியாக்டன்ஸ்தான் என்பதால் நேராகக் கூட்டலாம். மொத்தம் 0.12. விடை 83 எம்விஏ, சுமார் 4,370 ஆம்பியர். ஷார்ட் நீடிக்கும்வரை 33 கிலோவோல்ட் பஸ்ஸில் மிஞ்சுவது 27.5 கிலோவோல்ட்தான், அதே பஸ்ஸிலுள்ள மற்ற ஊர்களில் விளக்குகள் மங்கும். இன்ஃபினிட் பஸ் கணக்கில் இந்தச் சரிவு தெரியவே தெரியாது.

பிரேக்கரைத் தேர்ந்தெடுக்க இன்ஃபினிட் பஸ் ஓரளவு பாதுகாப்பான வழி. கிரிட்டிலிருந்து வரும் மின்னோட்டத்தை அது கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. 11 கிலோவோல்ட் பக்கம் பெரிய மோட்டார்கள் இருந்தால் அவை ஷார்ட்டுக்குள் தள்ளும் மின்னோட்டத்தைத் தனியே சேர்க்க வேண்டும்.

ரிலே விஷயம் தலைகீழ். 5,250 ஆம்பியரை நம்பி, உடனடியாக டிரிப் ஆகும் எல்லையை 4,000இல் வைத்தார்கள் என்று கொள்வோம். பராமரிப்புக்காக ஒரு லைனை நிறுத்தியதில் ஃபால்ட் லெவல் 100 எம்விஏவாக இறங்கினால் கிரிட்டின் பங்கும் 0.10 ஆகிவிடும். மொத்தம் 0.20, மின்னோட்டம் சுமார் 2,620 ஆம்பியர். ரிலே அந்த எல்லையில் அசையாது. தாமதமாக இயங்கும் அடுத்த நிலை வேலை செய்யும்வரை டிரான்ஸ்ஃபார்மர் அந்த மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். அதனால் மின்வாரியத்திடம் ஃபால்ட் லெவல் கேட்கும்போது உச்ச அளவு, குறைந்த அளவு இரண்டையும் கேட்டு வாங்குகிறார்கள்: முதலாவது பிரேக்கருக்கு, இரண்டாவது ரிலேவுக்கு.