பழைய போனோடு போய்விட்ட சாவி

புது போன் வாங்கிய அன்று எல்லாம் சுமுகமாகவே நடக்கும். தொடர்பு எண்கள், படங்கள், வாட்ஸ்அப் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். அந்தத் தைரியத்தில் பழைய போனை ரீசெட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவோம். சில நாள் கழித்து அலுவலகக் கணினியில் ஜிமெயிலைத் திறந்தால், பாஸ்வேர்டுக்குப் பிறகு கூகுள் ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணைக் கேட்கும். புது போனிலும் அந்தச் செயலி இருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கணக்கும் இல்லை.

"சிம் அதேதானே, நம்பரும் மாறவில்லையே" என்பதுதான் பலரின் முதல் கேள்வி. எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓ.டி.பி.க்கு அது போதும். சிம் எங்கே போகிறதோ அங்கே அது வரும். ஆதென்டிகேட்டர் எண்ணுக்கும் சிம்முக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த எண்ணை யாரும் அனுப்புவதில்லை. போன் தானே கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

முதன்முதலில் இதை அமைக்கும்போது திரையில் ஒரு க்யூ.ஆர். கோடு வந்திருக்கும். அதற்குள் இருப்பது ஒரு ரகசியச் சாவி, அதாவது நீளமான ஓர் எழுத்துச் சரம். அதன் ஒரு பிரதி கூகுளிடம் இருக்கும். நாம் ஸ்கேன் செய்த நொடியில் இன்னொரு பிரதி போனுக்குள் போய்விடும். அதன்பின் 30 நொடிக்கு ஒருமுறை இரு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரே எண்ணை அடைகின்றன. ஒரே பஞ்சாங்கம் கையில் இருந்தால் இரண்டு ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளாமலே ஒரே முகூர்த்த நாளைச் சொல்வதைப் போலத்தான் இது. இணையமே இல்லாத இடத்திலும் எண் மாறிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

ப்ளே ஸ்டோரிலிருந்து இறங்குவது வெறும் செயலி. சாவி பழைய போனிலேயே இருந்தது. ரீசெட் செய்தபோது அழிந்தது. 2023 ஏப்ரலில் கூகுள் இந்தச் சாவிகளை நம் கூகுள் கணக்கிலேயே சேமித்துவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் செயலிக்குள் நம் கணக்கில் சைன் இன் செய்திருந்தால்தான் அது நடக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: கூகுள் கணக்கைத் திறக்க அந்த எண்ணையே நம்பியிருந்தால், பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

கோளாறு எது என்பதைச் செயலியே காட்டிக்கொடுக்கும். பட்டியல் காலியாக இருந்தால் சாவி வரவில்லை. எண் வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் தவறு என்கிறது என்றால் முதலில் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தைக் கையால் மாற்றிவைத்து சில நிமிடம் பிசகியிருந்தால் இரு பக்கக் கணக்கும் ஒத்துப்போகாது. தேதி, நேர அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றினாலே சரியாகிவிடும்.

பட்டியல் காலி என்றால்தான் பேக்கப் கோடுகள் கைகொடுக்கும். கூகுள் ஒரு தடவைக்குப் பத்து கோடுகள் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். இவற்றில் நேரக்கணக்கு எதுவும் இல்லை. முன்கூட்டியே உருவாக்கிய எண்கள் என்பதால் எந்தப் போன் கையில் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. உள்நுழையும் திரையில் Try another way என்பதைத் தொட்டு, பேக்கப் கோடைத் தரும் வழியைத் தேர்ந்தெடுத்து ஒன்றைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். அந்தக் கோடு அதோடு செத்தது; பாக்கி ஒன்பது.

உள்ளே போனதும் வேலை முடிந்ததாக விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 2-Step Verification பகுதிக்குப் போய், ஆதென்டிகேட்டரை மாற்றும் வசதியைத் தேர்ந்து, புதிதாக வரும் க்யூ.ஆர். கோடைப் புது போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். புதுச் சாவி பிறக்கும், பழையது செல்லாமல் போகும். இதைச் செய்யாவிட்டால் அடுத்த உள்நுழைவுக்கும் ஒரு கோடு செலவாகும்.

கோடுகளை எடுப்பதும் அதே பக்கத்தில்தான். எடுத்ததை ஜிமெயிலில் தனக்குத்தானே அனுப்பிவைப்பதும், போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைப்பதும் வீண். தேவைப்படும் நேரத்தில் இரண்டுமே பூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். தாளில் அச்சிட்டு, நிலப்பத்திரம் இருக்கும் அலமாரியில் வைப்பதே என் கட்சி. போனில் கூப்பிட்டு யாராவது இந்த எண்ணைக் கேட்டால் அது மோசடிதான். பாஸ்வேர்டும் தெரிந்த ஒருவருக்கு இதில் ஒன்று கிடைத்தாலே போதும், கணக்கு அவர் கைக்குப் போய்விடும்.

எல்லாச் சேவையும் கூகுளைப் போல அடையாளத்தைச் சரிபார்த்துக் கணக்கை மீட்கும் வழியை வைத்திருப்பதில்லை. மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப், சாவியும் மீட்புக் கோடுகளும் மற்ற மீட்பு வழிகளும் தொலைந்துபோனால் தன் உதவிப் பிரிவாலும் கணக்கைத் திறந்துதர முடியாது என்கிறது. ஆகவே பழைய போனை ரீசெட் செய்வதற்கு முன், ஆதென்டிகேட்டரில் உள்ள Transfer accounts மூலம் எல்லாச் சாவிகளையும் புது போனுக்கு மாற்றி, ஒவ்வொரு கணக்கிலும் ஒருமுறை வெளியேறி, புது போன் காட்டும் எண்ணைக் கொண்டு மறுபடி உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.